கையெழுத்துப் போட்டிக்கு மார்க் போடறது: தெளிவு வேற, சுத்தம் வேற

கேள்வி: "எங்க கோயில் தமிழ் வகுப்புல 38 பிள்ளைங்க, எட்டு வயசுலேர்ந்து பதிமூணு வயசு வரைக்கும். கையெழுத்துப் போட்டி வச்சோம், மூணு பேர் மார்க் போட்டோம், மூணு பேருக்கும் மூணு விதமா வந்துச்சு. ரெண்டு பேர் ரங்கூன்ல, ஒருத்தர் மோல்மீன்ல, வைபர்ல போட்டோ அனுப்பித்தான் பார்த்தோம். எல்லாரும் ஒரே மாதிரி பார்க்கிறதுக்கு ஏதாவது வழி இருக்கா அண்ணன்மாரே, அக்காமாரே?"

தம்பி, நான் இருபது வருஷத்துக்கு மேல கோயில் வகுப்புல தமிழ் எழுத்து சொல்லிக் குடுக்கிறேன், வருஷத்துக்கு ஒரு தடவை இந்த ஜட்ஜ் வேலையும் பார்க்கிறேன். மூணு பேருக்கும் மூணு விதமா வந்ததுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல, ஏன்னா நீங்க மூணு பேரும் மூணு வேற வேற விஷயத்துக்கு மார்க் போட்டிருப்பீங்க. ஒருத்தர் எழுத்தோட அழகைப் பார்த்திருப்பாரு, ஒருத்தர் படிக்க முடியுதான்னு பார்த்திருப்பாரு, ஒருத்தர் அடிச்சுத் திருத்தாம எழுதியிருக்கானான்னு பார்த்திருப்பாரு, மூணுக்கும் பேர் மட்டும் "கையெழுத்து மார்க்". அதனால முதல் வேலை தெளிவையும் சுத்தத்தையும் ரெண்டா வெட்டிப் பிரிக்கிறது. சுத்தம்ங்கிறது கண்ணால பார்த்து சொல்ற அபிப்பிராயம், அதுல ஆளுக்கு ஆள் கொஞ்சம் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். தெளிவு அப்படி இல்ல. ஒரு எழுத்தைப் படிக்க முடியுதா இல்லையான்னு ஒருத்தர்கிட்ட குடுத்துப் படிக்கச் சொன்னா தெரிஞ்சு போயிடும், அதுக்கு அபிப்பிராயமே தேவை இல்ல.

இதை நான் பட்டுத்தான் கத்துக்கிட்டேன். சில வருஷத்துக்கு முன்னாடி ஒரு போட்டியில ஒரு பொண்ணோட பேப்பர், நம்பர் 14, கொஞ்சம் சாய்ச்சு, சுழியெல்லாம் ஒரே அளவா, தூரத்துலேர்ந்து பார்த்தா கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்துச்சு, நாங்க எல்லாரும் யோசிக்காம முதல் பரிசு குடுத்துட்டோம். நம்பர் 27 ஒரு பையனோடது, கோடு நடுங்கியிருந்துச்சு, எழுத்து கொஞ்சம் பெருசு சிறுசா இருந்துச்சு, அவன் லிஸ்ட்லயே வரல. அப்புறம் அந்தப் பொண்ணோட அம்மாவே பேப்பரை வாங்கிப் படிச்சுட்டு "சயாமா, இது என்ன வார்த்தை"ன்னு என்கிட்ட கேட்டாங்க. பார்த்தா "நரகம்"னு எழுதினது "நாகம்"னுதான் இருக்கு, ரகரத்தோட அடியில வர்ற சாய்வுக் கோடு இல்லவே இல்ல, கால் மாதிரி நிக்குது. "ஏடு"ல கீழ இழுக்க வேண்டிய கோடு மேல் எழுத்தோடவே ஒட்டிப்போய் "எடு" ஆகிடுச்சு. அழகா இருந்ததாலயே நாங்க மூணு பேரும் படிக்காம விட்டுட்டோம், அதுதான் நடந்தது. நம்பர் 27ல எந்த வார்த்தையிலயும் சந்தேகமே இல்ல. அந்தப் பையன் அடுத்த வருஷம் போட்டிக்கே வரல, அது எனக்கு இன்னைக்கும் மனசுல கிடக்கு.

தெளிவுக்கு இப்போ நான் என்ன செய்யறேன்னா, கண் டாக்டர்கிட்ட போனா சுவத்துல எழுத்து சார்ட் மாட்டி வாசிக்கச் சொல்வாங்க இல்ல, அந்த மாதிரி ஒண்ணு. தமிழ்ல எது எதோட குழம்பும்னு நமக்கு நல்லாத் தெரியும், அதை வச்சே ஜோடி வார்த்தை எடுத்துக்கறேன்: நாகம் – நரகம், பல் – பல, தரை – நரை, படம் – மடம், எடு – ஏடு, ஒட்டு – ஓட்டு, கொடு – கோடு, மனம் – மணம், முடி – மூடி, சிலை – சீலை. மொத்தம் பத்து ஜோடி. ஒவ்வொரு ஜோடியும் ஒரு குழப்பத்தைப் பிடிக்கும், கால் ரகரம் ஒண்ணு, புள்ளி ஒண்ணு, ஒத்தைக் கொம்பு ரெட்டைக் கொம்பு ஒண்ணு, ரெண்டு சுழி மூணு சுழி ஒண்ணு, இப்படி. நாலு கார்டு தயார் பண்ணுவேன், ஒவ்வொரு கார்டுலயும் ஜோடிக்கு ஒரு வார்த்தை மட்டும், எந்தப் பக்கம் வருதுன்னு கார்டுக்குக் கார்டு மாறும், வரிசையும் மாறும். பிள்ளைங்க கார்டைப் பார்த்து எழுதணும், டிக்டேஷன் வேணாம், சொல்லி எழுத வச்சா எழுத்துப்பிழை உள்ள வந்து கலந்துடும், அப்புறம் "மணம்"னு சொன்னதை "மனம்"னு எழுதினவனுக்கு கையெழுத்து மோசமா, எழுத்துப்பிழையான்னு பிரிக்க முடியாது. பார்த்து எழுதும்போதும் சில பிள்ளைங்க மாத்தி எழுதும், ரெண்டு சுழி போட்டது பளிச்சுன்னு தெரிஞ்சா அதை பார்த்தெழுதுற தப்புன்னு ஓரமா குறிச்சு வச்சுட்டு அந்த வார்த்தையை கணக்குல சேர்க்காதீங்க.

இப்போ படிக்கிறவங்க யாருங்கிறது ரொம்ப முக்கியம். வகுப்பு டீச்சர்தான் இதுக்கு சரியே இல்லாத ஆளு, ஏன்னா வருஷம் பூரா அந்தக் கையெழுத்தைப் படிச்சுப் படிச்சு அவங்களுக்கு பழகிப் போயிருக்கும், கோணல் மாணலா இருந்தாலும் தானா புரிஞ்சுடும். தமிழ் நல்லாப் படிக்கத் தெரிஞ்ச, அந்தப் பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்காத ரெண்டு பேரைப் பிடிங்க, கோயிலுக்கு வர்ற பெரியவங்களே போதும், தன் பிள்ளை பேரப்பிள்ளை பேப்பர் அவங்க கைக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான். ஜோடி லிஸ்டை முன்கூட்டியே அவங்ககிட்ட காட்டிடுங்க. மறைச்சு வச்சா முதல்ல வர்ற பேப்பருக்கு லிஸ்ட் தெரியாது, பத்தாவது பேப்பருக்குள்ள மனப்பாடம் ஆகிடும், அப்போ கடைசியில வர்ற பிள்ளைக்கு லாபம். முன்னாடியே தெரிஞ்சா எல்லா பேப்பருக்கும் ஒரே நிலைமை. என்ன படிச்சாங்களோ அதை ஒரு தாள்ல எழுதணும், ரெண்டுல எதுன்னு தெரியலன்னா கேள்விக்குறி போடணும், கேள்விக்குறின்னா தப்புக் கணக்குதான். இதுல ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க, ரெண்டுல ஒண்ணுன்னு ஆயிட்டதால சும்மா குத்துமதிப்பா சொன்னாலே பத்துக்கு அஞ்சு வந்துடும், அதனால அஞ்சு ஆறுங்கிறது பாதி மார்க் இல்ல, கிட்டத்தட்ட ஒண்ணுமே தெரியலன்னு அர்த்தம்.

அந்தப் பழைய நம்பர் 14, நம்பர் 27 ரெண்டு கையெழுத்தையும் பின்னாடி இந்த முறையில ஒரு தடவை சோதிச்சுப் பார்த்தேன், அந்தப் பொண்ணும் பையனும் எனக்காக கார்டைப் பார்த்து எழுதிக் குடுத்தாங்க. பொண்ணோட பேப்பரை முதல் ஆள் பத்துக்கு ஆறு சரியாப் படிச்சாரு, ரெண்டாவது ஆள் ஏழு, மொத்தம் 20க்கு 13. ரெண்டு பேருமே தடுக்கி விழுந்த இடம் ஒண்ணுதான்: நரகம், ஏடு, கோடு. இது நல்ல அடையாளம், ரெண்டு பேர் தனித்தனியா ஒரே இடத்துல தடுக்கினா கோளாறு எழுத்துலதான் இருக்கு, படிக்கிறவங்க கண்ணுல இல்ல. பையனோடது 10, 9, மொத்தம் 19. அதோட விட்டுடல, அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு மூணு இடத்தை மட்டும் காட்டினேன், ரகரத்துக்கு அடிக்கோடு, ஏகாரத்துக்கு கீழ் இழுப்பு, ரெட்டைக் கொம்புக்கு மேல் சுழி. வேற எதையும் மாத்தச் சொல்லல. சாய்ச்சு எழுதற பழக்கம் அப்படியே இருந்துச்சு, படிக்கவும் முடிஞ்சுது. வெறும் "இன்னும் நல்லா எழுதும்மா"ன்னு சொல்லியிருந்தா அவ என்னத்தைத் திருத்தியிருப்பா?

நம்ம ஊர் பிள்ளைங்களுக்கு இன்னொரு விஷயம் இருக்கு, இதுல நான் கொஞ்சம் பிடிவாதமாவே இருப்பேன். இதுங்க நாள் முழுக்க பள்ளிக்கூடத்துல பர்மிய எழுத்து எழுதுதுங்க, வட்டம் வட்டமா, வாரத்துல ரெண்டு நாள்தான் தமிழ். அதனால பகரத்தை மூலை வச்சு எழுதாம அடியை வளைச்சு பர்மிய பகரம் மாதிரி எழுதும், டகரத்தோட மூலையும் மழுங்கிப் போகும். நிறைய பெரியவங்க இதைப் பார்த்ததும் மார்க்கைக் குறைச்சுடுவாங்க. நான் குறைக்கிறதில்ல, ஏன்னா அடி வளைஞ்ச பகரத்தை வேற எந்தத் தமிழ் எழுத்தாவும் யாரும் படிக்க முடியாது. அதுவே வலது பக்கக் கோட்டை உள்ள மடக்கி விட்டா அது மகரம் ஆகிடும், "படம்" "மடம்" ஆகிடும், அங்கதான் பிரச்சனை. உருவம் அச்சு எழுத்துலேர்ந்து விலகியிருக்கா இல்லையாங்கிறது கேள்வியே இல்ல, இன்னொரு எழுத்தா மாறிப் போச்சாங்கிறதுதான் கேள்வி. அதே மாதிரி, தாத்தாகிட்ட கத்துக்கிட்ட சில பிள்ளைங்க லை, னை, ணா, றா எல்லாத்தையும் பழைய வடிவத்துல, 1978ல தமிழ்நாட்டு அரசாங்கம் சீர்திருத்தம் கொண்டுவர்றதுக்கு முந்தின மாதிரி, எழுதும். அதுவும் தப்பு இல்ல, ஆனா போட்டிக்கு முன்னாடியே ஜட்ஜ் எல்லாரும் பேசி முடிவு எடுத்துக்கணும், பேப்பர் கைக்கு வந்த பிறகு பேசினா யாரோட பேப்பர்னு ஊகிச்சு வாதாட ஆரம்பிச்சுடுவோம்.

இனி சுத்தம். இதுக்கு வார்த்தைக் கார்டு பத்தாது, அதே தாள்ல மூணு நாலு வரி தொடர்ந்து எழுத வைங்க, ஆனா தயவுசெஞ்சு "அகர முதல" குறள் குடுக்காதீங்க. எல்லாருக்கும் மனப்பாடம், எழுதறவனுக்கும் கை தன்னால ஓடும், பார்க்கிறவருக்கும் கண்ணு படிக்காம தாண்டிப் போகும். நான் சாதாரண வரி குடுப்பேன், "மழை நின்றதும் ஒரு நத்தை வாழை மரத்தில் ஏறியது. அண்ணன் அதை எடுத்து ஓலைப் பெட்டியில் போட்டான்" இந்த மாதிரி. எல்லாருக்கும் ஒரே கோடு போட்ட தாள், ஒரே மாதிரி பேனா, ஒரே நேரம், நான் கார்டும் வரியும் சேர்த்து பன்னிரண்டு நிமிஷம் குடுக்கறேன். நேரம் வைக்கலைன்னா ஒருத்தன் அரை மணி நேரம் எழுத்து எழுத்தா செதுக்குவான், இன்னொருத்தன் அஞ்சு நிமிஷத்துல முடிச்சுட்டுப் போயிடுவான், நாம ரெண்டையும் பக்கத்துல வச்சு ஒப்பிட்டுக்கிட்டு இருப்போம். பேர் எழுதக் கூடாது, பின்பக்கம் நம்பர் மட்டும்.

சுத்தத்துல நான் மூணே மூணு விஷயம்தான் பார்க்கிறேன்: எழுத்து கோட்டு மேல உட்கார்ந்திருக்கா, ஒரே எழுத்து வர்ற இடத்துலயெல்லாம் ஒரே அளவா இருக்கா, வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவுல இடைவெளி எழுத்துக்கு நடுவுல இருக்கிறதை விட தெளிவா அதிகமா இருக்கா. கோட்டைப் பார்க்கும்போது எழுத்தோட உடம்பைத்தான் பார்க்கணும், "மூ" மாதிரி கீழ இறங்குற வால், "கீ" மாதிரி மேல ஏறுற சுழி, புள்ளி இதெல்லாம் தன் இடத்துல இருக்க வேண்டியதுதான், சிலர் கோட்டுக்குக் கீழ போனதுக்கெல்லாம் குறைச்சுடறாங்க. சாய்வு ஒரே பக்கமா இருந்தா நான் கேள்வி கேக்கறதில்ல. அடித்தல் திருத்தல் எத்தனை வரைக்கும் பரவாயில்லைன்னு முன்னாடியே சொல்லி வச்சுடுங்க, நாங்க ரெண்டு வரைக்கும் விட்டுடுவோம். ஒவ்வொண்ணுக்கும் 1லேர்ந்து 4 வரைக்கும் மார்க். அஞ்சு வச்சா எல்லாரும் நடுவுல மூணைப் போட்டு ஒதுங்கிக்குவோம், நாலுன்னா இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு முடிவு பண்ணித்தான் ஆகணும்.

ஆனா "3"ன்னா என்னங்கிறது ஆளுக்கு ஆள் மாறும், வார்த்தையில எவ்வளவு எழுதி வச்சாலும் மாறும். அதுக்கு மருந்து மாதிரித் தாள். போன வருஷப் பேப்பர்லேர்ந்து அளவுக்கு நாலு, கோட்டுக்கு நாலு, இடைவெளிக்கு நாலுன்னு எடுத்து, இது 1, இது 2ன்னு எல்லா ஜட்ஜும் சேர்ந்து ஒத்துக்கிட்ட தாளை முன்னாடி வச்சுக்கிட்டு, கையில இருக்கிற பேப்பர் எதோட கிட்ட வருதுன்னு மட்டும் பார்க்கிறது. இது நான் கண்டுபிடிச்சது இல்ல, அமெரிக்காவுல தார்ண்டைக் 1910லயே பிள்ளைங்க கையெழுத்துக்கு இப்படி மாதிரி வரிசை போட்டு வெளியிட்டாரு, 1912ல அயர்ஸ்னு இன்னொருத்தர் எவ்வளவு நேரத்துல படிக்க முடியுதுன்னு அளந்து அதை வச்சே இன்னொரு வரிசை போட்டாரு. நம்மகிட்ட தமிழுக்கு அச்சுல அப்படி ஒண்ணு இல்லாட்டியும் ஒரு வருஷப் பேப்பரை பத்திரமா எடுத்து வச்சா நாமளே பண்ணிக்கலாம்.

பார்க்கிற வரிசையும் ஏமாத்தும். ரொம்ப நல்ல பேப்பர் ஒண்ணைப் பார்த்த கையோட சுமாரான பேப்பரைப் பார்த்தா அது மோசமாத் தெரியும், மோசமானதுக்கு அப்புறம் அதே பேப்பர் நல்லாத் தெரியும். அதனால ஒரு பேப்பரை எடுத்து மூணுக்கும் மார்க் போட்டு வைக்கிறதை விட்டுடுங்க. 38 பேப்பரையும் முதல்ல கோட்டுக்கு மட்டும் பாருங்க, அப்புறம் சீட்டுக்கட்டு மாதிரி கலைச்சுட்டு அளவுக்கு மட்டும், திரும்பக் கலைச்சு இடைவெளிக்கு. நேரம் ஒண்ணும் ரொம்ப கூடாது, ஒரே விஷயத்தைத் தேடுற கண்ணு வேகமாப் போகும், கோடு நல்லா இருக்குங்கிறதுக்காக அளவுக்கும் சேர்த்து தூக்கிப் போடறதும் நின்னுடும். முடிச்ச பிறகு மறுநாள் ஆறு பேப்பரை பழைய மார்க்கைப் பார்க்காம திரும்பப் போட்டுப் பாருங்க. ஒரு படி மாறினா பரவாயில்ல, ரெண்டு படி மாறினது ஒண்ணுக்கு மேல இருந்தா அந்த விஷயத்துக்கு மாதிரித் தாளே சரியில்லைன்னு அர்த்தம், அதை மாத்திட்டு அந்தச் சுற்றை மறுபடி போடணும். மூணு ஜட்ஜோட மார்க்குக்கு சராசரி எடுக்காம நடுவுல இருக்கிறதை எடுத்துக்கங்க, 4, 3, 1ன்னு வந்தா 3. ஆனா அந்த 1 போட்டவர்கிட்ட ஏன்னு கேட்டுடுங்க, சில சமயம் அவர் கண்ணுல பட்டது மத்தவங்க கண்ணுல படாம போயிருக்கும்.

ரெண்டு மார்க்கையும் கூட்டாதீங்க, இதுதான் நான் அழுத்திச் சொல்றது. கூட்டினா அழகா எழுதி படிக்க முடியாத பேப்பர் மேல வந்துடும், எங்களுக்கு நடந்தது அதுதான். தெளிவை வாசல் மாதிரி வைங்க, 20க்கு 17 எடுத்தவங்க மட்டும் உள்ள வரட்டும், உள்ள வந்தவங்களை சுத்தத்தை வச்சு வரிசைப்படுத்துங்க. பத்து வார்த்தை வச்சு 17க்கும் 18க்கும் நடுவுல வித்தியாசம் பார்க்கிறது நியாயம் இல்ல, ஒரு வார்த்தை இப்படியோ அப்படியோ போகத்தான் செய்யும், அதனால வாசலுக்கு அந்தப் பக்கம் அந்த நம்பரை மறந்துடணும். 16ல நிக்கிற பேப்பரை மூணாவது ஆள்கிட்ட குடுத்து இன்னொரு தடவை படிக்க வச்சுட்டு முடிவு பண்ணுங்க.

மேல வர்ற எட்டு பேப்பர் எப்பவுமே நெருக்கமா இருக்கும், 10, 11, 11, 10ன்னு. அங்க மார்க் வேலைக்கு ஆகாது, ரெண்டு ரெண்டா பக்கத்துல வச்சு "இதுல எது சுத்தம்"னு மட்டும் கேளுங்க. மனுஷனுக்கு ஒரு பேப்பருக்கு நம்பர் சொல்றதை விட ரெண்டுல எதுன்னு சொல்றது சுலபம், தர்ஸ்டோன்னு ஒருத்தர் 1927லயே இதை வச்சு கணக்கே போட்டிருக்காரு. எட்டு பேப்பருக்கு 28 ஜோடி வரும், ஒரு மணி நேரத்துல முடியும், யாருக்கு அதிக ஜெயிப்போ அவங்க முதல். 38 பேப்பருக்கும் இப்படிப் பண்ணணும்னா 703 ஜோடி, அது நடக்காது, அதனாலதான் மேல இருக்கிற எட்டுக்கு மட்டும். நடுவுல ஒரு பேப்பர் இன்னொண்ணை ஜெயிச்சு, அது மூணாவதை ஜெயிச்சு, மூணாவது திரும்பி முதலாவதை ஜெயிச்சா அந்த மூணும் உண்மையிலயே சமம், இல்லாட்டி ஜட்ஜ் ஒவ்வொரு தடவையும் வேற வேற விஷயத்தைப் பார்க்கிறாரு. அந்த மூணை மட்டும் திரும்பப் பார்த்தா எதுன்னு தெரிஞ்சுடும், சமம்னா சமப் பரிசு குடுங்க.

வயசைப் பத்தி நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்லிடறேன். எட்டு வயசையும் பதிமூணு வயசையும் ஒரே வரிசையில வைக்காதீங்க. தெளிவு வாசல் எல்லாருக்கும் ஒண்ணா இருக்கலாம், சுத்தத்துக்கு மாதிரித் தாள் சின்னவங்களுக்கு தனி, பெரியவங்களுக்கு தனி. எழுதும்போது கை வலிக்குதுன்னு அடிக்கடி நிறுத்தற பிள்ளை, எவ்வளவு பழகினாலும் எழுத்து நிக்காத பிள்ளை ஒண்ணு ரெண்டு இருக்கும், அதுங்களோட பேப்பரை வச்சு சோம்பேறி, கவனம் இல்லைன்னு எந்த முடிவுக்கும் வராதீங்க. ஒரு நாள் எழுதின ஒரு தாள் அந்த நாளைப் பத்தித்தான் சொல்லும், பிள்ளையைப் பத்தி சொல்லாது.

கடைசியா அந்த வைபர் போட்டோ. உங்க மார்க் பிரிஞ்சதுக்கு பாதிக் காரணம் இதுவாக்கூட இருக்கலாம். போனைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிச்சா நேரா எழுதின வரியும் சாய்ஞ்சு தெரியும், ஒரு பக்கம் எழுத்து பெருசாவும் இன்னொரு பக்கம் சிறுசாவும் வரும், கை நிழல் விழுந்தா புள்ளி காணாமப் போகும், அனுப்பும்போது போட்டோ சுருங்கி சின்னச் சின்ன சுழியெல்லாம் அடைஞ்சு போகும். மூணு ஜட்ஜும் ஒரே தாளைக் கையில வச்சுப் பார்க்கிறதுதான் சரி, மோல்மீனுக்கு பஸ்ல குடுத்து விட்டாலும் ரெண்டு நாள்ல திரும்பி வந்துடும். அது முடியாதுன்னா 38 பேப்பரையும் ஒரே ஆள், ஒரே மேஜையில, ஜன்னல் பக்க வெளிச்சத்துல, தாளுக்கு நேர் மேல போனை வச்சு எடுக்கட்டும், தாளோட நாலு மூலையும் படத்துல வரணும். ரங்கூன்ல இருக்கிற ரெண்டு பேரும் அசல் தாளைப் பார்க்காம அதே போட்டோவைத்தான் பார்க்கணும், ஒருத்தர் தாளும் ஒருத்தர் போட்டோவும் பார்த்தா ஒப்பிடவே முடியாது. இப்போ கையில இருக்கிற 38 பேப்பரையும் தூக்கிப் போட்டுடாதீங்க தம்பி, மாதிரித் தாளுக்கு அதிலேர்ந்தே எடுத்துக்கலாம்.